மூன்று வீடு, இரண்டு வகுப்பு, இரண்டு தாள்

ஜப்பானுக்கு ஓராண்டு படிக்கப் போகும் நம் ஊர் மாணவர் ஒருவர் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் போய் இறங்குவார். மறு ஜூலையில், கோடை விடுமுறை தொடங்கும் வேளையில், திரும்பிவிடுவார். ஆனால் ஜப்பானியப் பள்ளி ஆண்டு தொடங்குவது ஏப்ரலில். அவரை அனுப்பிவைக்கும் ரோட்டரி சங்கத்தின் ஆண்டு தொடங்குவதோ ஜூலை 1ஆம் தேதி. இந்த மூன்று நாள்காட்டிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதால் ஒரு சங்கடம் வந்துசேர்கிறது. விடைபெறும் நாளில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வரவேற்றவர்கள் அல்ல. வரவேற்றவர்களில் பலர் அந்த அறையிலேயே இல்லை.

எப்படி என்று பாருங்கள். ஆகஸ்டில் சேர்ந்த வகுப்பு மார்ச்சோடு கலைந்துவிடும். ஏப்ரலில் மாணவர்களைக் கலைத்துப் புது வகுப்புகளாகப் பிரிப்பார்கள். வகுப்பாசிரியரும் மாறலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வருவதும் அந்த ஏப்ரலில்தான். முதல் நாள் கைப்பிடித்து வகுப்புக்கு அழைத்துப்போன ஆசிரியர் இப்போது வேறு ஊர்ப் பள்ளியில் இருக்கக்கூடும். ரோட்டரி சங்கத்தின் தலைவர் பதவி ஜூன் 30இல் முடிகிறது. விடைபெறும் ஜூலையில் நாற்காலியில் இருப்பவர் வந்து இரண்டு மூன்று வாரமே ஆன புதியவர். போதாதற்கு, ரோட்டரி மாணவரை ஒரே வீட்டில் விட்டுவைப்பதில்லை. ஆண்டுக்குள் மூன்று, நான்கு குடும்பங்கள் அவரை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும்.

ஆக, நன்றி சொல்ல வேண்டியவர்கள் என்று எழுதத் தொடங்கினால் மூன்று அம்மாக்கள், மூன்று அப்பாக்கள், அவர்கள் பிள்ளைகள், தாத்தா பாட்டிகள், இரண்டு வகுப்புகள், இரண்டு வகுப்பாசிரியர்கள், இரண்டு தலைவர்கள், மாணவரின் நலம் விசாரிக்கவென்றே சங்கம் அமர்த்தும் ஆலோசகர் ஒருவர் என்று பட்டியல் நீளும். நம் பிள்ளைகளுக்குப் பட்டியல் புதிதல்ல. ஆண்டுவிழா நன்றியுரை கேட்டே வளர்ந்தவர்கள். தலைமை விருந்தினரில் ஆரம்பித்து ஒலிபெருக்கி வைத்தவர், பந்தல் போட்டவர் வரை ஒருவரையும் விடாமல் சொல்லி முடிப்பதுதான் நமக்கு நன்றியுரை. அரங்கில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள், அது வேறு விஷயம். அந்தப் பழக்கத்தோடு ஜப்பானியப் பள்ளி மேடையில் ஏறினால் இரண்டாம் வீட்டு அம்மாவின் பெயருக்கு வருவதற்குள் கொடுத்த நேரம் தீர்ந்துவிடும்.

கொடுக்கும் நேரம் பெரும்பாலும் மூன்று நிமிடம். அதையும் அவர்கள் எழுத்துக் கணக்காகவே பார்ப்பார்கள். ஜப்பானிய வானொலி, தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பில் நிமிடத்துக்குச் சுமார் 300 எழுத்து என்பது பழகிய வேகம். மொழியைக் கற்றுக்கொண்டிருப்பவர் 250ஐத் தாண்டினால் கேட்பவருக்குப் புரியாது. பள்ளிகளில் கட்டுரை எழுதும் தாள் 20க்கு 20 என்று கட்டம் போட்டிருக்கும். ஒரு தாளில் 400 கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. பத்தி மாறும்போது விடும் வெற்றுக் கட்டங்களையும் சேர்த்தால் மூன்று நிமிடப் பேச்சு சரியாக இரண்டு தாளில் அடங்கும். ஓராண்டுக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டு தாள்.

இதற்கு வழி, ஒரு பேச்சில் எல்லோரையும் திணிக்காமல் இருப்பது. உண்மையில் அந்தக் கடைசி வாரங்களில் பேச வேண்டிய இடங்கள் நான்கு. ரோட்டரி சங்கத்தின் வாரக் கூட்டம், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும் பருவ நிறைவு விழா, தன் வகுப்பறை, கடைசியாக இருக்கும் வீட்டின் சாப்பாட்டு மேசை. நான்கு இடத்திலும் கேட்பவர்கள் வேறு, பேசும் ஜப்பானியமும் வேறு. இதைப் புரிந்துகொண்டு பிரித்துக்கொடுத்தவர்கள் தப்பிக்கிறார்கள். ஒரே தாளை நான்கு இடத்திலும் வாசிப்பவர்கள் நான்கு இடத்திலும் பாதி அந்நியராகவே நிற்கிறார்கள்.

ஒரு மாணவியைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஊர் மதுரை, வயது 16, சைவம். ஷிக்கோகு தீவில் மத்சுயாமா நகரத்துக்குப் போனாள் என்று வையுங்கள். நடுவில் குன்றும் அதன்மேல் கோட்டையும், சாலையில் டிராம் வண்டியும், ஊர் ஓரத்தில் தோகோ வெந்நீர் ஊற்றும் உள்ள ஊர். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒரு வீடு, டிசம்பர் முதல் மார்ச் வரை இன்னொன்று, ஏப்ரலிலிருந்து மூன்றாவது.

முதல் வேலை பேச்சு எழுதுவது அல்ல. ஒவ்வொருவருக்கும் எதிரே, அவர் செய்த ஒரு காரியத்தை எழுதுவது. குணத்தை அல்ல, காரியத்தை. 'அன்பானவர்', 'பொறுமைசாலி' என்று எழுதினால் அந்த வரியை வைத்துக்கொண்டு மேலே ஒன்றும் செய்ய முடியாது.

முதல் வீடு. போய்ச் சேர்ந்த முதல் இரவு, விருந்தாளி என்று அவளைத்தான் முதலில் குளிக்கச் சொன்னார்கள். ஜப்பானிய வீடுகளில் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான உடம்போடுதான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்கு அதே தண்ணீர்தான். நம் மாணவி குளித்து முடித்ததும் அடுத்தவருக்குச் சுத்தமாக இருக்கட்டுமே என்று அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டாள். வெளிநாட்டு மாணவர்கள் ஜப்பானில் செய்யும் தவறுகளில் இதைவிடப் பழையது கிடையாது. வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி தண்ணீர் நிரப்பி, காய்ச்சி, நள்ளிரவு வரை வரிசையாகக் குளித்தார்கள். மறுநாள் அந்த வீட்டுத் தங்கை விளையாட்டுப் போல எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். முந்தைய இரவு என்ன நடந்தது என்பது இவளுக்கு மாதக் கணக்கில் தெரியாது.

இரண்டாம் வீடு. ஜப்பானில் சைவம் என்று சொன்னால் கறியும் மீனும் தட்டில் வைக்காமல் இருந்துவிடுவார்கள். ஆனால் மிசோ சூப்பின் அடித்தண்ணீர் உலர்ந்த மீன் சீவலில் இறக்கியதாக இருக்கும். கடையில் வாங்கும் நூடுல்ஸ் சாறு, காய் அவியல் எல்லாவற்றிலும் அது உண்டு. கண்ணுக்குத் தெரியாது. இதைச் சொல்லித் தெரிந்துகொண்ட அந்த அம்மா, தினமும் இரவே கொம்பு என்னும் உலர்ந்த கடற்பாசித் துண்டைத் தண்ணீரில் போட்டுக் குளிர்பெட்டியில் ஊறவைத்துவிடுவார். காலையில் அந்தத் தண்ணீரில் இவளுக்கென்று சின்னப் பாத்திரத்தில் தனிச் சூப்பு. நான்கு மாதம்.

மூன்றாம் வீட்டில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவன். இவள் வருகிறாள் என்று தன் அறையைக் காலி செய்துவிட்டுக் கூடத்து மேசையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டான். இவளிடம் அதிகம் பேசவும் மாட்டான்.

இவை கையில் இருந்தால் பேச்சு பாதி எழுதியாயிற்று. எதை எங்கே சொல்வது என்பதுதான் பாக்கி.

ரோட்டரி கூட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பல சங்கங்களில் வாரம் ஒருமுறை மதியம் 12:30 மணிக்கு ஓர் ஓட்டலில் கூடுவார்கள். தலைவர் மணி அடிப்பார், பாட்டு, சாப்பாடு, அறிவிப்புகள். பிறகு தகுவா எனப்படும் மேசைப் பேச்சுக்கு அரைமணி. 1:30க்கு மறுபடி மணி. அந்த மணிக்குமேல் ஒரு நிமிடம் போனாலும் முகம் சுளிக்காவிட்டாலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மாணவி மாதந்தோறும் இங்கே வந்து கைச்செலவுப் பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். கடைசிக் கூட்டத்தில் பல சங்கங்கள் அந்த அரைமணியையும் கொடுத்துவிடும், படங்களைத் திரையில் போட்டுக்காட்டச் சொல்லி.

நேரம் தாராளமாக உள்ள இடம் இதுதான் என்பதால் வீடுகளைப் பற்றிப் பேச இதுவே இடம். மூன்று குடும்பங்களுமே சங்க உறுப்பினர் வீடுகளாக இருப்பது ஜப்பானில் சாதாரணம். அப்படியானால் மூன்று அப்பாக்களும் அந்த அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆபத்தும் இங்கேதான். கடைசி வீடு மனதில் பசுமையாக இருப்பதால் அதைப் பற்றியே பேச்சு நீளும். மொழி தெரிந்தபின் வாழ்ந்த வீடு அது, கதைகள் அதிகம். முதல் வீட்டுக்காரர்கள், ஒரு வார்த்தை பேசத் தெரியாத பெண்ணை அகராதியும் கைச்சாடையுமாக நான்கு மாதம் சமாளித்தவர்கள், இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோவார்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கவனித்திருப்பார்கள்.

ஆகவே கால வரிசையில் சொல்வது, வீட்டுக்கு ஒரு சம்பவம், ஏறக்குறைய ஒரே நீளம், எந்த இடத்திலும் 'எல்லாவற்றிலும் சிறந்த' என்ற சொல் வராமல். கால வரிசை இருந்தால் யாரை முன்னால் வைத்தோம் என்ற கேள்வியே எழாது. பதவியில் உள்ளவர்கள் விஷயத்தில் மட்டும் அவர்கள் ஒழுங்கு வேறு. இன்றைய தலைவரை முதலில் விளித்துவிட்டு, சேர்த்துக்கொண்ட முன்னாள் தலைவரை உடனே அடுத்துச் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் பெயர்ப்பலகை பிடித்து நின்றது முன்னாள் தலைவர் என்றால் அதைச் சொல்லிவிட்டால் போதும், இருவருக்கும் மரியாதை ஆகிவிடும்.

முதல் வீட்டைப் பற்றி அவள் சொல்வது இப்படி இருக்கலாம்: "நான் வந்த அன்று குளியல் தொட்டித் தண்ணீரை எல்லாம் திறந்துவிட்டேன். அன்றிரவு வீட்டில் எல்லோரும் என்னால் தூங்காமல் காத்திருந்தீர்கள் என்று பிப்ரவரியில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வெட்கத்தில் அந்த வீட்டில் குளிக்கவே பயந்திருப்பேன். சொல்லாமல் இருந்ததற்கு நன்றி."

இந்தப் பத்தியில் நன்றியோடு மன்னிப்பும் கலந்திருக்கிறது. ஜப்பானிய விடைபெறும் பேச்சில் அது தற்செயல் அல்ல. என்னால் உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று ஒப்புக்கொள்ளாத நன்றி அங்கே குறைபட்டதாகவே ஒலிக்கும். நாம் வீட்டில் தோசை போட்டுத் தரும் அம்மாவுக்கு நன்றி சொல்வதில்லை. அங்கேயும் அந்த விஷயத்தில் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் வெளியாளாக வந்து தங்கியவர், தான் ஒரு சுமையாக இருந்ததைத் தெரிந்துவைத்திருக்கிறேன் என்று காட்டுவது மரியாதை. பொதுவாக 'தொந்தரவு கொடுத்துவிட்டேன்' என்று சொல்வதற்கு ஆயத்தத் தொடர்கள் உண்டு, எல்லோரும் சொல்வார்கள். தொட்டித் தண்ணீர் அவள் மட்டுமே சொல்லக்கூடியது.

பள்ளிக்கு வருவோம். முதல் பருவம் ஜூலை 20ஐ ஒட்டி முடியும். உடற்பயிற்சிக் கூடத்தில் பள்ளி மொத்தமும் வகுப்பு வகுப்பாகத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெயில் தாங்காத ஆண்டுகளில் சில பள்ளிகள் மாணவர்களை வகுப்பிலேயே இருக்கச் சொல்லி ஒலிபெருக்கியிலோ திரையிலோ நடத்திவிடுவதும் உண்டு. தலைமையாசிரியர் உரை, பள்ளிப் பாட்டு, விடுமுறையில் ஒழுங்காக இருக்கச் சொல்லி ஓர் ஆசிரியரின் எச்சரிக்கை, இதெல்லாம் முடிந்தபின் அவளைக் கூப்பிடுவார்கள். கேட்பவர்கள் ஏற்கெனவே களைத்திருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவளோடு ஒருமுறைகூடப் பேசியவர்கள் அல்ல. அங்கே வீட்டுக் கதை எடுபடாது. பள்ளியில் நடந்ததை மட்டும் பேச வேண்டும். அந்த இரண்டு தாளின் சாரம் தமிழில் சொன்னால் இப்படி:

"போன ஆண்டு இரண்டாம் பருவத்தின் முதல் நாள் இதே மேடையில் நின்றேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஜப்பானியம் மூன்று வாக்கியம். மூன்றையும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இன்று கொஞ்சம் அதிகம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாண்டு 3ஆம் பிரிவு நண்பர்களே. முதல் நாள் சாப்பாட்டு வேளையில் நான் தனியாக டப்பாவைத் திறந்தேன். ஒன்றும் கேட்காமல் உங்கள் மேசைகளைத் திருப்பி என் மேசையோடு சேர்த்துப் போட்டீர்கள். என்ன பேசுவதென்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சும்மா சேர்ந்து சாப்பிட்டோம். மறுநாள் மேசையைத் திருப்புவது சாதாரணமாகிவிட்டது.

செவ்வியல் இலக்கியப் பாடம் எனக்குக் கடைசி வரை முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஆசிரியர் எனக்கென்று ஒரு நகல் தனியாக வைத்திருப்பார். கடினமான எழுத்துகள் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் அதன் ஒலி எழுதியிருக்கும். அந்தத் தாள்களை எல்லாம் ஊருக்கு எடுத்துப்போகிறேன். அங்கே போய்ப் புரிந்துகொள்ள முயல்வேன்.

இரண்டாமாண்டு 5ஆம் பிரிவு நண்பர்களே. இந்த மாதம் பந்து விளையாட்டுப் போட்டியில் நான் மூன்று முறை பந்தை வலையில் அடித்தேன். தோற்றோம். அப்புறமும் படம் எடுக்கும்போது என்னை நடுவில் நிறுத்தினீர்கள்.

இங்கே இல்லாத ஒருவருக்கும் சொல்ல வேண்டும். போன ஆண்டு எங்கள் வகுப்பாசிரியர் ஏப்ரலில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். நான் எழுதிக்கொடுத்த நாட்குறிப்புக்குச் சிவப்பு மையில் பதில் எழுதுவார். தவறுகளைத் திருத்துவார், அதைவிட நீளமாக, 'அப்புறம் என்ன நடந்தது?' என்று கேட்டிருப்பார். என்ன நடந்தது என்று சொல்லவே நான் ஜப்பானியம் படித்தேன்.

ஓராண்டு எல்லோருக்கும் நிறையச் சிரமம் கொடுத்தேன். நன்றி."

இதில் ஒரு பெயர்கூட வரவில்லை. ஆனாலும் மேசையைத் திருப்பியவர்கள், பென்சில் பிடித்த ஆசிரியர், 3ஆம் பிரிவிலிருந்து கலைந்து வெவ்வேறு வகுப்பு வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாற்பதுக்குப் பக்கம் மாணவர்கள், எல்லோருக்கும் யாரைச் சொல்கிறாள் என்று தெரியும். தெரியாத மற்றவர்களுக்கும் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது.

இந்த வரைவைத் தாளில் எழுதியதும் ஓர் ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்குவது வழக்கம். அப்போது நேரும் விபத்தைச் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தால் நேர்வது அது. ஆசிரியர் எழுத்துப்பிழை திருத்துவார், பிறகு ஒரு வாக்கியத்தை நளினமாக்குவார், பிறகு தொடக்கத்தில் பருவகாலத்தைப் பற்றி ஓர் அழகான வரி சேர்ப்பார். திரும்பி வரும் தாளில் மேசையும் பென்சிலும் காணாமல் போய், அவற்றின் இடத்தில் 'அனைவரின் அன்பான ஆதரவால்' வந்து உட்கார்ந்திருக்கும். ஜப்பானியத்தில் குறையே இருக்காது. ஆனால் வாய்விட்டு வாசித்தால் தெரிந்துவிடும். அவள் எழுதிய இடங்களில் குரல் ஓடும். மற்ற இடங்களில் மூச்சு தவறான இடத்தில் நிற்கும். அப்படி நிற்கும் வாக்கியங்களை எடுத்துவிட்டு, இலக்கணம் மட்டும் சரிபார்த்த அவளுடைய பழைய வாக்கியத்தையே திரும்பப் போட்டுத்தரச் சொல்லிக் கேட்கலாம். ஆசிரியர்கள் மறுப்பதில்லை. மாணவர்கள்தான் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் மொழியின் படிநிலை. வீட்டிலும் தோழிகளிடமும் காதால் கற்றுக்கொண்ட ஜப்பானியம் நெருக்கமானவர்களிடம் பேசும் மொழி. நம் 'வா, போ' போன்றது. மத்சுயாமாவில் வட்டார வழக்கும் ஒட்டிக்கொள்ளும். மேடையில் பதற்றத்தில் அந்த வினைமுடிவுகள் வந்து விழுந்தால், தலைமையாசிரியரை ஒருமையில் விளித்த மாதிரி ஆகிவிடும். வெளிநாட்டுப் பிள்ளை என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்தான். ஆனால் ஓராண்டு கழித்தும் அந்தச் சலுகை தேவைப்படுவது அவளுக்குப் பெருமை அல்ல. எழுதி மனப்பாடம் செய்வதன் பயன் இங்கேதான்: முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், வாக்கியங்களின் வால்களை மட்டும் கவனித்துச் சொல்லிப் பழகினால் போதும். வட்டார வழக்கில் வேண்டுமென்றே ஒரு வாக்கியம் வைத்தால் கூடம் சிரிக்கும், கைதட்டும். ஒன்று போதும். இரண்டாவது வித்தையாகிவிடும்.

வணக்கம் வைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம்மவர்கள் நன்றி என்று சொல்லிக்கொண்டே குனிவார்கள். ஒலிவாங்கி மேலே நிற்க, கடைசிச் சொல் தரைக்குப் போய்விடும். ஜப்பானில் கற்றுக்கொடுக்கும் முறை, சொல் முதலில், வணக்கம் பிறகு. வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்து, ஒரு மூச்சு விட்டு, இடுப்பிலிருந்து குனிய வேண்டும். மேடையில் 45 பாகை வரை குனிவது பொருத்தம். கீழே ஒரு கணம் நின்று, குனிந்ததைவிட மெதுவாக நிமிர்வது. அழுகை வந்துவிட்டால் இந்த முறை பெரிய துணை. குனிந்திருக்கும் அந்தக் கணம் முகத்தைச் சரிசெய்துகொள்ளப் போதும்.

வகுப்பறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே பெரும்பாலும் வகுப்புதான் அவளுக்குக் கொடுக்கும்: சதுர அட்டை ஒன்றில் நடுவில் அவள் பெயர், சுற்றிலும் நாலாபுறமும் எல்லோரும் எழுதிய சிறு சிறு வரிகள். அதை வாங்கிக்கொண்டு பேச்சு நிகழ்த்துவது சரியாக இருக்காது. தோழிகளிடம் பேசும் மொழியில் நாலு வாக்கியம், தீர்ந்தது. அதன்பின் ஆசிரியர்கள் அறைக்குப் போய் வாசலில் நின்று வகுப்பும் பெயரும் சொல்லி அனுமதி கேட்டு உள்ளே நுழைந்து, பாடம் எடுத்தவர்களைத் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவது முக்கியம். மேடையில் குறிப்பிடாமல் விட்ட ஆசிரியர்களின் கணக்கு இங்கேதான் நேராகிறது. உடற்கல்வி ஆசிரியரும் நூலகரும் மேடையில் தங்கள் பெயரை எதிர்பார்க்க மாட்டார்கள். மேசைக்கு வருவாள் என்று எதிர்பார்ப்பார்கள்.

கடைசி இரவு, மூன்றாம் வீட்டின் சாப்பாட்டு மேசையில் தாள் கூடாது என்பது என் கட்சி. தாளை விரித்தால் அவர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து விருந்தாளிக்கு முன் இருப்பதுபோல ஆகிவிடுவார்கள். நான்கு மாதம் கழித்து அது வேண்டாத தூரம். ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் போதும். அண்ணனிடம், "கூடத்தில் தொலைக்காட்சிச் சத்தத்தில் எப்படிப் படித்தாய் என்று நான் கேட்டதே இல்லை. நாளைக்கு உன் அறை உனக்கு. நன்றாக எழுது" என்றால் அவன் தலையாட்டிவிட்டுப் போவான். அதற்குமேல் அவனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மீதியைக் கடிதத்தில் எழுத வேண்டும். கையால், ஆளுக்கு ஒன்று. குடும்பத்துக்குப் பொதுவாக ஒன்று அல்ல. பிழைகள் இருந்தால் இருக்கட்டும், இதை யாரிடமும் திருத்தக் கொடுக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வீடுகளுக்கும் கிளம்புவதற்கு முன் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். ஊர் வந்து இறங்கியதும் பத்திரமாகச் சேர்ந்த செய்தி அன்றே மூன்று வீட்டுக்கும் போக வேண்டும். அதைத் தாமதித்தால் மேடையில் பேசியதெல்லாம் கொஞ்சம் வெளுத்துவிடும். இடமாற்றமான பழைய வகுப்பாசிரியருக்குக் கடிதம் அவருடைய புதுப் பள்ளி முகவரிக்குப் போகும். விடுமுறையானாலும் ஆசிரியர்கள் பள்ளிக்கு வந்துபோய்க்கொண்டிருப்பார்கள், கைக்குச் சேரும். மேடையில் அவரைப் பற்றிப் பேசினாள் என்று அதற்குள் யாராவது சொல்லியும் இருப்பார்கள்.

ஊரில் இன்னொரு பேச்சு காத்திருக்கிறது. அனுப்பிவைத்த மதுரைச் சங்கத்தில் நின்று ஓராண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிநிலைக் கவலை இல்லை, எழுத்துக் கணக்கு இல்லை, மணி அடித்தாலும் யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்னம்மா பண்ணினே?" என்றுதான் வரும். இரண்டாம் வீட்டு அம்மா இரவே ஊறப்போட்ட கொம்புத் தண்ணீரைப் பற்றி அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.